காற்றே இல்லாத நாளில் வரும் கள்ளக்கடல்: ஐந்து குட்டி வீடியோக்களின் திரை எழுத்து

முதல் வீடியோ

வீடியோவுக்குச் சத்தம் வைக்க வேண்டாம், படித்தால் போதும்.

இந்தக் கடலைப் பாருங்கள். வெயில் அடிக்கிறது, காற்று இல்லை, தென்னை ஓலை கூட ஆடவில்லை.

கால் நனைக்கலாமா?

இன்றைக்குக் கூடாது!

ஏப்ரல், மே மாதங்களில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்கு வருகிறவர்களுக்காக, ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த நான் இதை எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு இறங்குங்கள். வேகமாகப் போனால் விரலை வைத்து நிறுத்திப் படியுங்கள்.

2024 மே 6, கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரை. பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. ஐந்து பேரும் திரும்பவில்லை.

அன்றைக்குப் புயல் இல்லை. நம் கடலோரத்துக்கு எச்சரிக்கை மட்டும் ஏற்கெனவே வந்திருந்தது.

வந்தது கள்ளக்கடல்.

இரண்டாவது வீடியோ

அந்த அலை எங்கிருந்து வருகிறது?

நம் ஊர்க் காற்று கிளப்பும் அலை அல்ல அது. கன்னியாகுமரிக்குத் தெற்கே அண்டார்டிகா வரைக்கும் பெரிய நிலம் எதுவும் இல்லை, அந்தத் தென்கோடிக் கடலில் நாள்கணக்கில் வீசும் பெரும் புயல்காற்று தண்ணீரைத் தள்ளித் தள்ளி நீளமான அலைகளை உண்டாக்கி அனுப்பிவிடுகிறது. புயல் அங்கேயே அடங்கிவிடும், அலை மட்டும் வடக்கே புறப்பட்டு வந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாளைக்கு சுமார் 1,200 கிலோமீட்டர்.

ஐந்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி, நான்கைந்து நாள் கழித்து நம் கரையில் வந்து முட்டும். இங்கே வானத்தில் ஒரு மேகம் கூட இருக்காது.

ஆழ்கடலில் அதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், அவ்வளவுதான்.

கரைக்கு வரவர ஆழம் குறையும். அடியில் தரை தட்டி அலையின் வேகம் குறையும். பின்னால் வரும் தண்ணீர் மேலே ஏறும். அப்போதுதான் அதன் உயரம் தெரியும், அதற்குள் நீங்கள் முழங்கால் தண்ணீரில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கள்ளக்கடல் என்பது கேரளக் கரை மீனவர்கள் வைத்த பெயர். 2012இல் யுனெஸ்கோவும் அதே பெயரை அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. நம் பக்கம் பெரியவர்கள் 'கடல் அடிக்கி, இறங்காதே மக்கா' என்று மட்டும் சொல்வார்கள்.

சுனாமி வேறு, இது வேறு. அது பெரும்பாலும் கடலுக்கடியில் நடக்கும் நிலநடுக்கத்தால் வருவது, இது காற்று கிளப்பிய அலை. 2004 டிசம்பர் 26ஐ நேரில் பார்த்த ஊர்கள் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும். தெருவில் கொஞ்சம் தண்ணீர் ஏறியதும் 'சுனாமி வருது' என்று குரூப்பில் தட்டிவிட்டால் அங்கே பாட்டிமார் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது வீடியோ

'ஒரு மீட்டர் அலைதானே' என்று எச்சரிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தவர்களுக்கு இது.

ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் இருக்கிறது. கள்ளக்கடல் வருவதை முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவர்கள்தான். incois.gov.in என்று தட்டினால் கடலோர எச்சரிக்கைகளைப் பார்க்கலாம்.

அதில் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பக்கத்தில் விநாடிக் கணக்கு ஒன்று இருக்கும். ஒரு அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில் எத்தனை விநாடி என்பது அது.

அதுதான் முக்கியம்.

சாதாரணக் காற்றலை ஆறேழு விநாடிக்கு ஒன்று வரும். ஆறு விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 56 மீட்டர்.

கள்ளக்கடல் அலை 16, 18, 20 விநாடிக்கு ஒன்று. 18 விநாடி அலையின் நீளம் 500 மீட்டருக்கு மேல்.

அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள தண்ணீர், மக்களே! இரண்டுக்கும் ஒரே உயரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நீளமான அலை ஒவ்வொரு மீட்டர் கரைக்கும் கொண்டு வரும் சக்தி மூன்று மடங்கு. குட்டை அலை உடைந்து நுரையாகி முடிந்துவிடும். இது உடைந்த பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும், நீங்கள் செருப்பும் பையும் வைத்த இடம் வரைக்கும் வரும், அப்புறம் அத்தனை தண்ணீரும் ஒன்றாகத் திரும்பும்.

திரும்பும்போதுதான் ஆளை எடுக்கிறது. காலடி மணல் அரித்துப்போகும், நிற்க முடியாது. நம் கரையில் பல இடங்களில் சில அடி தாண்டினாலே ஆழம்.

இன்னொன்று. இந்த அலை வரிசையாக, கூட்டமாக வரும். நாலைந்து பெரிசு வந்து போகும், பிறகு பத்து நிமிடம் கூட அமைதியாக இருக்கும், அந்த அமைதியைப் பார்த்துதான் எல்லாரும் இறங்குகிறார்கள். அடுத்த கூட்டம் அதற்குள் பாதி வழி வந்திருக்கும்.

அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தோடு சேர்ந்து வந்தால் கடற்கரையில் நிற்காது, வீட்டு வாசலுக்கே வரும்.

நான்காவது வீடியோ

இப்போது திரையின் நடுவில் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது. நடுவில் மட்டும் உடையவில்லை, தண்ணீர் கொஞ்சம் கருத்து, தட்டையாக இருக்கிறது, நுரை கடல் பக்கமாகப் போகிறது.

குளிக்க நல்ல இடம் போலத் தெரிகிறதா?

அந்த இடம்தான் இழுக்கும்.

அலைகள் கரையில் கொட்டிய தண்ணீர் எல்லாம் மணல்திட்டுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம் வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. அந்த ஓட்டத்தை எதிர்த்து நீச்சல் வீரராலும் நீந்த முடியாது. தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் பாறை ஓரத்திலும் இப்படித்தான். தூண்டில் வளைவுக் கல் அலையைத் தடுக்கத்தான் போட்டது, அதன் நுனியில் ஏறி நின்று படம் எடுக்க அல்ல, அந்தக் கல்லில் பாசி படிந்து வழுக்கும், கல்லிடுக்கில் விழுந்தவரை எடுப்பது இன்னும் கஷ்டம்.

மாட்டிக்கொண்டால்?

கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். முதலில் மிதங்கள். மல்லாந்து, மூச்சு விட்டு, ஒரு கையைத் தூக்குங்கள்.

இழுப்பு உங்களைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கொஞ்ச தூரத்தில் தளரும். அப்போது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், வெள்ளையாக அலை உடையும் பக்கமாகத் திரும்பி வாருங்கள்.

கரையில் நிற்பவர்களுக்கு. தம்பி போகிறான் என்று அண்ணன் குதிப்பான், அண்ணனைப் பிடிக்க மாமா குதிப்பார். ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று சாவு இப்படித்தான் விழுகிறது, மனசு கேட்காது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் குதிக்காதீர்கள்.

மூடி போட்ட காலி கேன், டயர் டியூப், தெர்மாகோல் பெட்டி, கயிறு, எது கிடைத்தாலும் எறியுங்கள். கரையில் வள்ளம் இழுத்து வைத்திருக்கும் இடத்துக்கு ஓடிக் கத்துங்கள். எங்கள் ஆட்கள் வருவார்கள். 108க்கும் 112க்கும் ஒருவர் அழைக்கட்டும்.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். இரண்டும் உதவாது, நேரம்தான் போகும். கடினமான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே தொடருங்கள்.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணற வைக்கும். நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

ஐந்தாவது வீடியோ

அப்போ கன்னியாகுமரிக்கே வரக்கூடாதா?

வாங்க, கட்டாயம் வாங்க.

முட்டத்தில் பாறைமேட்டில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பாருங்கள், விளிம்புக்குப் போகாமல். சொத்தவிளையில் மணலில் காலாற நடங்கள். சங்குத்துறையில் பிள்ளைகள் மணல்வீடு கட்டட்டும், ஈரம் படாத இடத்தில். திருவட்டாறு பக்கம் மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது, பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது, கடலுக்கு எச்சரிக்கை வந்த நாளில் அங்கே போய்விட்டு வரலாம், திற்பரப்பு அருவியில் குளிக்கலாம்.

இறங்குவதற்கு முன் இவ்வளவு செய்யுங்கள்.

விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடுகிறதா என்று கேளுங்கள். கடல் சீற்றம் என்று நிறுத்தியிருந்தால் மாவட்டத்தின் வேறு எந்தக் கரையிலும் அன்றைக்கு இறங்க வேண்டாம்.

சிவப்புக்கொடி, கயிறு, போலீஸ் பலகை இருந்தால் தாண்ட வேண்டாம். காவலுக்கு ஆள் இல்லை என்பது அனுமதி அல்ல.

எதுவும் இல்லையா? கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் போய், 'தாத்தா, இன்னைக்கு இறங்கலாமா?' என்று கேளுங்கள். வள்ளம் எல்லாம் மேட்டில் ஏற்றி வைத்திருந்தால் கேட்கவே தேவையில்லை. கடலில் பிழைப்பவர்களே போகாத நாளில் நீங்கள் எதற்குப் போக வேண்டும்?

போகலாம் என்று அவர் சொன்னாலும் உடனே இறங்காதீர்கள். கால்மணி நேரம் கரையில் உட்கார்ந்து எண்ணுங்கள், பெரிய அலை எங்கே வரைக்கும் ஏறுகிறது, ஈரமணல் எங்கே முடிகிறது. ஈரமணலுக்கு மேலே பையை வையுங்கள், பிள்ளைகளையும் அங்கேயே உட்கார வையுங்கள்.

கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள்.

மே விடுமுறைக்கு மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ கிளம்பத் திட்டம் போடும் கல்லூரி குரூப், ஆபீஸ் குரூப், சொந்தக்காரர் குரூப் உங்கள் போனில் இருக்கும். அவர்கள் வண்டி ஏறும் முன் இந்த ஐந்தையும் அதில் போட்டுவிடுங்கள்.