பயணச் செலவு, கைச்செலவு விதிமுறைகள்
(2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவது)

இந்த விதிமுறைகள், ராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள நம் ஷூ அப்பர் தொழிற்கூடத்திலும் சத்துவாச்சாரி அலுவலகத்திலும் பணிபுரியும் அனைவருக்கும், பங்குதாரர்கள் உட்பட, ஒரே அளவில் பொருந்தும். ஓட்டுநருக்கு ஒரு நியாயமும் மேலாளருக்கு வேறொரு நியாயமும் இதில் இல்லை. பேட்டா தொகையும் அறை வாடகை வரம்பும் பதவியைப் பொறுத்து மாறாது.

பழைய விதிகளை மாற்றுவதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடந்த சில ஆண்டுகளின் செலவுச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தபோது, கூட்டி எழுதப்பட்டிருந்தவற்றில் பெரும்பாலானவை, உண்மையாகச் செலவான பணத்துக்கு எழுத இடமில்லாததால் வேறு தலைப்பில் ஏறியவை என்று தெரிந்தது. ஆம்பூரில் சரக்கு இறக்கிய லோடுமேனுக்குக் கொடுத்த இருநூறு ரூபாய்க்கு ரசீது கிடைக்காது. பழைய விதியோ ரசீது இல்லாத எதையும் ஏற்கவில்லை. ஆகவே அந்த இருநூறு, சாப்பாட்டு பில்லில் சேர்ந்துகொண்டது. கைக்காசைப் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தவர்கள், அந்தத் தாமதத்துக்கு ஈடாக ஒரு தொகையைச் சேர்த்துக்கொண்டதும் உண்டு. இவ்விரண்டும் நிர்வாகம் சரிசெய்ய வேண்டியவை. அவற்றைச் சரிசெய்த பிறகும் பொய்யாக எழுதப்படும் கணக்கை வேறு விதமாக அணுகுவோம். அது கீழே சொல்லப்பட்டுள்ளது.

பேட்டா

வெளியூர் வேலையாகச் செல்லும் நாளின் உணவுக்கும் தேநீருக்கும் இனி பில் கேட்கப்படாது. ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்டு அன்றே திரும்பும் பயணத்துக்கு 200 ரூபாயும், இரவு தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் சென்னையில் 500 ரூபாயும், பெங்களூரில் 600 ரூபாயும், மற்ற ஊர்களில் 400 ரூபாயும் வழங்கப்படும். இத்தொகையில் மிச்சம் பிடித்தால் அது அவருடையது. வாடிக்கையாளர் மதிய உணவு கொடுத்தார் என்பதற்காக அதில் பிடித்தம் செய்ய மாட்டோம்.

பழைய விதியில் பேட்டா மாவட்ட எல்லையை வைத்துக் கணக்கிடப்பட்டது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின், ராணிப்பேட்டையிலிருந்து பக்கத்திலுள்ள வேலூருக்கு வருவதும் ‘வெளிமாவட்டம்’ ஆகிவிட்டது. எவ்வளவு தொலைவு அலைந்தாலும் ஒரே மாவட்டத்துக்குள் இருந்தவருக்கோ ஒன்றும் கிடைக்கவில்லை. எனவே மாவட்டக் கணக்கை விட்டு, வெளியே இருந்த நேரத்தையும் இரவுத் தங்கலையும் மட்டுமே இனி அளவாகக் கொள்கிறோம்.

ரசீது கிடைக்காத செலவுகள்

ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி நிறுத்தக் கட்டணம், கட்டணக் கழிப்பறை, பேருந்தில் மாதிரித் தோல் கட்டு அனுப்புவதற்கான கூலி போன்றவற்றுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் வரை, எங்கே, எதற்கு, எவ்வளவு என்று தம் கையால் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டால் போதும். அந்த வரியையே நிர்வாகம் சான்றாக ஏற்கும். 300 ரூபாயைத் தாண்டும் நிலை வந்தால், பணம் கொடுக்கும் முன் துறைத் தலைவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். அவர் ஒப்புதலைக் குறுஞ்செய்தியில் அனுப்புவார். கூகுள் பே, போன்பே வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பரிமாற்றப் பக்கமே போதுமான சான்று. வங்கிக் கணக்கு விவரத்தை இணைப்பவர்கள், தம் சொந்தச் செலவுகள் உள்ள மற்ற வரிகளை மறைத்துவிட்டே கொடுக்கலாம். அவற்றைப் பார்க்க எங்களுக்கு உரிமையில்லை.

பயணமும் தங்குதலும்

சொந்த இருசக்கர வாகனத்துக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய், காருக்கு 12 ரூபாய். நாம் அடிக்கடி செல்லும் ஊர்களுக்கான தூரப் பட்டியல் கணக்குப் பிரிவில் ஒட்டப்பட்டிருக்கும். அதன்படி எழுதினால் கேள்வி எழாது. வாணியம்பாடி செல்லும் வழியில் பேரணாம்பட்டிலும் ஒரு வேலை இருந்தது என்றால், அந்த ஊரின் பெயரை எழுதிக் கூடுதல் தூரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அலுவலக வாகனத்தின் சுங்கக் கட்டணம் பாஸ்டேக் கணக்கிலிருந்தே எடுக்கப்படுவதால் அதைத் தனியாகக் கோர வேண்டியதில்லை.

இரவு 8 மணிக்குப் பின் காட்பாடி சந்திப்பிலோ வேலூர் புதிய பேருந்து நிலையத்திலோ வந்திறங்கும் பெண் ஊழியர்கள், வீடு வரை ஆட்டோவிலோ டாக்சியிலோ செல்லலாம். அந்தக் கட்டணம் முழுமையாக, காரணம் கேட்காமல் தரப்படும். வேலை முடிந்து சென்னையிலேயே சொந்தக் காரியமாக ஞாயிற்றுக்கிழமை தங்குபவருக்கும் திரும்பும் கட்டணம் உண்டு. அந்த ஒரு நாளின் அறை வாடகையும் பேட்டாவும் மட்டும் இல்லை.

அறை வாடகை வரம்பு சென்னையில் 2,500 ரூபாய், பெங்களூரில் 3,000 ரூபாய், மற்ற ஊர்களில் 1,800 ரூபாய், வரி தனி. இதற்கு பில் கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் தங்கும்போது, 33 என்று தொடங்கும் நம் ஜிஎஸ்டி எண்ணை விடுதியில் சொல்லி பில்லில் அச்சிடச் செய்தால், கட்டிய வரியை நிறுவனம் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள முடியும். பெங்களூர் விடுதி வசூலிப்பது கர்நாடகத்துக்குள் தரப்பட்ட சேவைக்கான மத்திய, மாநில வரி. நமக்குத் தமிழ்நாட்டுப் பதிவு மட்டுமே இருப்பதால் அதை எடுக்க முடியாது, ஆகவே அங்கே அந்த எண்ணைச் சொல்ல மறந்தாலும் இழப்பில்லை. வெப்பத்தாளில் அச்சிட்ட பில்கள் சில வாரங்களில் வெளுத்துவிடும் என்பதால், வாங்கியவுடன் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலம் வெளுத்துவிட்டால் படத்தை ஏற்போம்.

பணம் வழங்குதல்

புதன்கிழமை மாலைக்குள் கொடுத்த சீட்டுக்கு சனிக்கிழமைக்குள் வங்கியில் பணம் வந்துவிடும். ஒரு வரியில் சந்தேகம் இருந்தால் அந்த வரியின் தொகை மட்டும் நிறுத்தப்படும். மீதி அன்றே போகும். தாமதம் எங்கள் தரப்பில் என்றால் கணக்குப் பிரிவு காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இந்த ஒரு விதியை நாங்கள் மீறினால் மற்ற விதிகளைக் கேட்கும் தகுதி எங்களுக்கு இருக்காது என்று கருதுகிறேன். 2,000 ரூபாய்க்கு மேல் செலவு எதிர்பார்த்தால் முன்பணம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்; திரும்பிய ஏழு வேலை நாட்களுக்குள் கணக்கை முடித்தால் போதும்.

சரிபார்த்தல்

ஒவ்வொரு மாதமும் எல்லாச் சீட்டுகளின் எண்களையும் போட்டுக் குலுக்கி, ஊழியர்கள் இருவர் முன்னிலையில் ஐந்து எடுக்கப்படும். பங்குதாரர்களின் சீட்டுகளும் அதே குலுக்கலில் இருக்கும். எடுத்த சீட்டுகளைத் தூரப் பட்டியலுடனும் பாஸ்டேக் விவரத்துடனும் ஒப்பிடுவோம். விடுதியை அழைத்து பில் எண்ணைக் கேட்போம். குலுக்கலில் தன் சீட்டு வந்ததால் ஒருவர் மீது சந்தேகம் என்று பொருளில்லை. யாரும் அப்படிப் பேசவும் கூடாது.

பொருந்தாத வரி தென்பட்டால், காசாளர் அந்த ஊழியரைத் தனியாக அழைத்து, “இந்த வரி எனக்குப் புரியவில்லை, விளக்க முடியுமா?” என்று கேட்பார். மற்றவர் முன்னிலையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ கேட்கக் கூடாது. கேட்டால் அது காசாளரின் குற்றமாகக் கருதப்படும். கூட்டலில் பிழை, தேதி மாற்றம், ஊர்ப் பெயர் விடுபட்டது போன்றவை அங்கேயே திருத்தப்படும். பணிப் பதிவேட்டில் ஏறாது. குறைத்து எழுதியிருந்தால் விடுபட்ட தொகையையும் சேர்த்துக் கொடுப்போம்.

எழுத இடமும் உரிய காலத்தில் பணமும் இருக்கும்போது, பில்லின் தொகையைத் திருத்துவதும், வெற்று பில் வாங்கி நிரப்புவதும், போகாத பயணத்துக்கு எழுதுவதும் மேலே சொன்ன பிழைகளில் சேரா. இவற்றுக்கு எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்கப்படும். பதில் தர ஏழு நாட்கள் உண்டு. தாம் விரும்பும் சக ஊழியர் ஒருவரை விசாரணைக்கு உடன் அழைத்து வரலாம். விசாரணை முடியும் வரை சம்பளத்தில் பிடித்தம் இல்லை. குற்றம் உறுதியானால் தொகையைத் திருப்பிச் செலுத்துவதோடு, செயலின் அளவுக்கேற்ப எச்சரிக்கை முதல் பணிநீக்கம் வரை நடவடிக்கை இருக்கும். மேலாளர் சொல்லி அப்படி எழுதியவர் அதைத் தெரிவித்தால், விசாரணை மேலாளர் மீது தொடங்கும்.

மார்ச் 31 வரையிலான பயணங்களின் நிலுவைச் சீட்டுகள், ஊழியருக்கு எந்த விதி சாதகமோ அதன்படி ஏப்ரல் 15-க்குள் தீர்க்கப்படும். பேட்டா, கிலோமீட்டர் விகிதம், அறை வரம்பு ஆகியவை ஒவ்வோர் அக்டோபரிலும் ஊழியர் பிரதிநிதிகளுடன் அமர்ந்து மறுபார்வை செய்யப்படும். இடையில் ஏதேனும் விகிதம் நடைமுறைச் செலவுக்குப் போதவில்லை என்றால், உண்மையில் ஆன தொகையையே எழுதி, ‘வரம்பு போதவில்லை’ என்று பக்கத்தில் குறித்துக் கொடுங்கள். அந்தச் சீட்டை நானே பார்ப்பேன்.

நிர்வாகப் பங்குதாரர்
சத்துவாச்சாரி, வேலூர்