அம்மப்பாவின் குரல்

புதுப் போனில் வாட்ஸ்அப்பைப் போட்டு அதே நம்பரைப் பதிந்ததும், பழைய சாட்களை மீட்கவா என்று கேட்டது. யாழினி சரி கொடுத்தாள். எழுத்தெல்லாம் வந்துவிட்டது. குரல் பதிவுகள் மட்டும் திறக்கவில்லை. அவை தனிக் கோப்புகள், `WhatsApp Voice Notes` என்ற கோப்புறையில் இருப்பவை. நல்லகாலம், அதை மெமரி கார்டில் எடுத்து வைத்திருந்தாள். உரிய இடத்தில் போட்டு மறுபடி திறந்தாள்.

அம்மப்பாவுக்கு டைப் பண்ண வராது. எல்லாம் குரல்தான். முதலில் ஒரு செருமல், அப்புறம்தான் பேச்சு.

"பிள்ளை, கோணேசருக்கெண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனன். கோட்டை வாசல்ல ஒரு மான் வந்து பையோட இழுத்துப்போட்டுது. பரவாயில்லை, அதுவும் அவற்ற பிள்ளைதானே."

பின்னால் மீன்காரரின் ஹார்ன். அம்மப்பா பதிவை நிறுத்த மறந்து, "பாரை என்ன விலை?" என்று கேட்பதும் அதிலேயே இருந்தது. அந்தப் பேரத்தை அவள் கடைசிவரை கேட்டாள்.

ஒன்றில் மட்டும் மைக் பச்சையாக இருந்தது. இன்னும் யாரும் கேட்காதது.

"கொம்மாட்டச் சொல்லு, நேற்றுத் தந்துவிட்ட மீன்குழம்பு அம்மம்மா வைக்கிற மாதிரியே இருந்தது. நான் சொன்னா அழுவாள். நீ சொல்லு."

பின்னேரம். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். யாழினி ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டி அழுத்தினாள்.

"இன்னொருக்காப் போடு."

போட்டாள்.

"இதை மாமாவுக்கும் அனுப்பு. கனடாவில இப்ப விடிஞ்சிருக்கும்."