வீட்டிலிருந்து பணிபுரிவதற்கான இணைய, தொலைபேசிச் செலவை ஈடுசெய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பணியாற்றும் நான், நிறுவனத்தின் ஏற்பாட்டின்படி கடந்த ஏப்ரல் மாதத்திலிருந்து வாரத்துக்கு 4 நாட்கள் வீட்டிலிருந்தே பணிபுரிந்து வருகிறேன். காணொளிக் கூட்டங்களின்போது திரை உறைந்து, வாடிக்கையாளரின் பேச்சு பாதியில் அறுந்துபோனதால், வீட்டுத் தேவைக்குப் போதுமானதாக இருந்த இணைய இணைப்பை வேகம் கூடிய திட்டத்துக்கு மாற்ற நேர்ந்தது. வாடிக்கையாளர்களை அழைப்பதும் என் சொந்தக் கைப்பேசியிலிருந்துதான்.

இப்போது இணையத்துக்கு மாதம் 1,100 ரூபாயும் கைப்பேசிக்கு 400 ரூபாயும் செலுத்துகிறேன். இந்த 1,500 ரூபாயில் குடும்பத்தின் பயன்பாடும் அடங்கியிருப்பதால் முழுத் தொகையையும் கோருவது முறையாகாது. அலுவலகப் பயன்பாட்டை 60 விழுக்காடாகக் கணக்கிட்டு, மாதம் 900 ரூபாயை நிலையான தொகையாக வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு மாதமும் எந்த அழைப்பு அலுவலகத்துக்கானது, எது சொந்தமானது என்று பிரித்துக் காட்டுவது எனக்கும் கணக்குப் பிரிவினருக்கும் வீண் வேலை. அந்தப் பட்டியலில் குடும்பத்தினரின் எண்களும் இருக்கும் என்பதையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

நான் மாதம் முழுவதும் விடுப்பிலிருந்தாலோ அலுவலகத்துக்கே வந்து பணிபுரிந்தாலோ அம்மாதத்துக்கு இத்தொகை வேண்டியதில்லை. கட்டணங்கள் மாறக்கூடும் என்பதால் ஆண்டுக்கொருமுறை இதை மறுபரிசீலனை செய்யலாம். இதைப் படியாக வழங்குவதா, செலவு ஈடாக வழங்குவதா என்பது வரிக்கணக்கைப் பாதிக்கும் என்பதால், அதைக் கணக்குப் பிரிவின் முடிவுக்கே விடுகிறேன்.

கடந்த மூன்று மாத ரசீதுகளை இணைத்துள்ளேன். அடுத்த மாதச் சம்பளக் கணக்கு முடிவதற்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
முதுநிலை அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு