எங்க தோட்டத்துக்கு ஒரு டவர் போட்டுக் கொடுங்க சார்

தேதி: 14 ஜூன் 2025
சுங்கை சிப்புட், பேராக்

பெறுநர்: வட்டார நெட்வொர்க் மேனேஜர் அவர்கள்

வணக்கம் சார்,

போன மாசம் நம்ம கோவில் திருவிழாவுக்கு வந்திருந்தீங்க, அன்னதானப் பந்தல்ல உக்காந்து பேசினப்ப "தலைவரே, வாயால சொன்னா மேல போகாது, எழுத்துல கொடுங்க, தமிழ்லயே கொடுங்க, நான் படிச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போறேன்"னு சொன்னீங்க. அதான் உக்காந்து எழுதுறேன். ஆபிஸ்ல கொடுக்கிறதுக்கு மலாய்ல ஒரு காப்பி எங்க வாத்தியார் மகள் தட்டிக் கொடுத்திருக்கு, அதையும் சேர்த்து வெச்சிருக்கேன். பஞ்சாயத்துத் தலைவர்னு கையெழுத்துப் போட்டிருக்கேன், இப்ப எல்லாம் கம்போங் கமிட்டின்னு சொல்றாங்க, ஆனா எங்க தோட்டத்துல பால்மரம் காலத்துல இருந்து பஞ்சாயத்துதான், பெரியவங்க யாரும் வேற பேர் சொல்றதில்ல.

விஷயம் உங்களுக்குத் தெரியும். லைன் இல்ல. எங்க தோட்டத்துல 143 வீடு இருக்கு, சின்னது பெருசுன்னு அறுநூறு பேருக்கு மேல, அது போக வங்காளதேசத்துல இருந்து வந்த பிள்ளைங்க ஹாஸ்டல்ல ஒரு நாப்பது பேர். இத்தனை பேருக்கும் போன் பேசணும்னா ஒரே இடம்தான், தண்ணித் தொட்டி மேடு. நீங்க அன்னைக்கு இருட்டிட்டதால பார்க்க முடியல. தொட்டிக்குக் கீழ ஒரு இரும்புத் தூண் இருக்கு, அதுல எங்க பையனுங்க மைலோ டின்னை வெட்டி ஆணி அடிச்சு வெச்சிருக்கானுங்க, ஹேண்ட்போனை அந்த டின்னுக்குள்ள நிக்க வெச்சாத்தான் ரெண்டு கோடு காட்டும், கையில எடுத்தா ஒரு கோடு, காதுல வெச்சு ரெண்டு அடி நகர்ந்தா கட்டாயிடும். அதனால எல்லாரும் ஸ்பீக்கர்லதான் பேசணும். மகள் வீட்டுப் பிரச்சினையா இருந்தாலும் சரி கடன்காரனா இருந்தாலும் சரி பின்னாடி வரிசையில நிக்கிறவங்க எல்லாருக்கும் கேட்கும், பொம்பளைங்க இதுக்காகவே பேசாம திரும்பி வந்துடுறாங்க.

சும்மா லைன் இல்லன்னு சொன்னா உங்க ஆபிஸ்ல ஏத்துக்க மாட்டாங்கன்னு என் தங்கச்சி மகன் சொன்னான், அவன் ஈப்போவுல கேபிள் வேலை பாக்கிறவன். அவன்தான் காட்டிக் கொடுத்தான், போன்ல Settings போயி About phone, அதுல SIM status, அதுக்குள்ள Signal strength. மைனஸ் நம்பர் வரும், சைபருக்குக் கிட்ட வர வர நல்லது, பத்து இறங்கினா பத்துல ஒரு பங்கு ஆயிடும்னு அர்த்தமாம். மூணு பையனுங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயிறு காலையில, அப்புறம் அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குன்னு ரெண்டு தடவை தோட்டம் முழுக்க நடந்தோம். தண்ணித் தொட்டியில -98 dBm. கோவில் வாசல்ல -111. தமிழ்ப்பள்ளி ஆபிஸ் ஜன்னல்ல -115. ஆயா கொட்டகையில -118. பள்ளத்து லயத்துல வீட்டுக்குள்ள நம்பரே வரல, No service-னு நிக்குது. ராத்திரியில எல்லாமே இன்னும் ரெண்டு மூணு மோசம். வேற ரெண்டு கம்பெனி சிம்மும் போட்டுப் பார்த்தோம், கொஞ்சம் முன்ன பின்ன, ஆனா கதை அதே கதைதான், அதனால நான் உங்க கம்பெனியை மட்டும் குறை சொல்லல. படம் எடுத்து வெச்சிருக்கோம், எந்த இடம்னு பின்னாடி எழுதியும் வெச்சிருக்கோம்.

முன்னாடி இவ்ளோ மோசம் இல்ல சார். இதை நீங்க கவனிக்கணும். எனக்குத் தெரிஞ்சு மூணு காரணம். டவுன் பக்கம் இருக்கிற டவருக்கும் எங்களுக்கும் நடுவுல குன்று இருக்கு, அது எப்பவும் இருந்ததுதான். ஆனா பால்மரத்தை அழிச்சு செம்பனை நட்டப்ப கன்னு இடுப்பளவு, இப்ப அதே மரம் அண்ணாந்து பார்த்தாத்தான் குலை தெரியும், வெட்டுறவனுக்கு நீளக் கம்புல அரிவாள் கட்டணும், லயத்தைச் சுத்தி நாலு பக்கமும் ஓலைதான். மழை பெஞ்சு ஓலை நனைஞ்சா தொட்டி மேட்டுல கூட லைன் தடுமாறும். மூணாவது, 2021 கடைசியில நாடு முழுக்க 3ஜி-யை நிறுத்தினாங்க. 4ஜி வந்துடும், அதான் நிறுத்துறோம்னு சொன்னாங்க. டவுன்ல வந்துச்சு. எங்களுக்கு பழையது போச்சு, புதுசு குன்றுக்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சு. வீட்டு போனும் கிடையாது, செம்புக் கம்பியை ரெண்டு தடவை திருடிட்டுப் போனாங்க, ரெண்டாவது தடவைக்கு அப்புறம் யாரும் வந்து போடல. ஃபைபர் மெயின் ரோட்டோட நின்னுபோச்சு.

இப்ப நான் எழுதப் போறதுக்காகத்தான் இந்தக் கடிதமே. போன வருஷம் நவம்பர்ல, காலையில ஒம்பது மணி இருக்கும், 14-ம் நம்பர் காட்டுல குலை பொறுக்கிக்கிட்டிருந்த எங்க பையன் ஒருத்தனை நாகப்பாம்பு கடிச்சிடுச்சு, வலது கை மோதிர விரல்ல. கூட இருந்தவர் போனை எடுத்து 999 அடிக்கிறார், அடிக்கிறார், போகவே இல்ல. மோட்டரை எடுத்துக்கிட்டு தொட்டி மேட்டுக்கு வந்தாரு, லைன் கிடைச்சுது, இடத்தைச் சொல்றதுக்குள்ள கட்டாயிடுச்சு, திரும்ப அடிச்சாரு, திரும்ப கட்டு. அப்புறம் லோரி டிரைவரைப் பிடிச்சு, லோரியிலயே தூக்கிப் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கடிச்சதுல இருந்து உள்ள போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல. டாக்டருங்க மருந்து போட்டாங்க, பையன் பொழைச்சுக்கிட்டான், சாமி புண்ணியம். விரலைச் சுத்தி சதை கருத்து அழுகிப்போயி ரெண்டு கணுவை எடுத்துட்டாங்க. சீக்கிரம் வந்திருந்தா விரல் மிஞ்சியிருக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியாது, டாக்டரும் சொல்லல. ஆனா அவன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேக்குது, தலைவரா இருந்து ஒரு போன் லைன் வாங்கித் தர முடியலையான்னு. 26 வயசுப் பையன் சார், இன்னும் கல்யாணம் ஆகல, இப்ப கம்பு பிடிக்க முடியாம நாற்றங்கால்ல தண்ணி ஊத்துற வேலை பாக்கிறான்.

பள்ளிக்கூடப் பிள்ளைங்களையும் சொல்லணும். கோவிட் நேரத்துல வீட்டுல இருந்தே பாடம்னு ஆனப்ப எங்க பிள்ளைங்க தொட்டி மேட்டுல கூடாரத் துணி கட்டி உக்காந்துதான் படிச்சதுங்க, சரி அது ஒரு காலம்னு விட்டுட்டோம். இன்னைக்கும் அதேதான். எங்க தோட்டத்துல இருந்து ஒரு பொண்ணு எஸ்பிஎம்ல நல்ல மார்க் எடுத்து மெட்ரிகுலேஷனுக்கு ஆன்லைன்ல போட்டுச்சு, பாரம் நிரப்பி முடிக்கிறதுக்குள்ள நாலு தடவை பேஜ் விழுந்துடுச்சு, கடைசி நாள் சாயங்காலம் மழையில அவங்க அப்பா குடை பிடிக்க அந்தப் பொண்ணு டின்னுல இருந்த போனைக் குனிஞ்சு தட்டிக்கிட்டு நின்னது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது.

சம்பளம் பேங்க்லதான் போடுறாங்க. முன்ன எஸ்எம்எஸ்ல நம்பர் வரும், அது எப்படியாச்சும் வந்து சேர்ந்துடும், இப்ப ஆப்புக்குள்ள போயி அப்ரூவ் பண்ணணும், அதுக்கு இன்டர்நெட் வேணும். கடைக்கார அக்கா கியூஆர் அட்டை வாங்கி மாட்டி வெச்சிருக்காங்க, தூசி பிடிச்சுக் கிடக்கு.

சரி, நாங்க என்ன செய்வோம்னு சொல்றேன். இடம் இருக்கு. தொட்டி மேட்டுலயே தொட்டிக்குப் பக்கத்துல சமதளமா காலி நிலம், எங்க சுத்து வட்டாரத்துலயே உயரமான இடம் அதுதான், அங்க ஏறினா டவுன் டவர் தெரியும், அதனால ஃபைபர் இழுக்காமலே டிஷ் வெச்சு இணைக்கலாம்னு தங்கச்சி மகன் சொல்றான், நீங்க பார்த்துச் சொல்லுங்க. பம்பு ரூமுக்கு வர்ற கரண்ட் கம்பம் அங்க இருந்து எண்பது மீட்டர்தான். செம்மண் ரோடு லோரி ஏறுற ரோடு. நிலம் தோட்டக் கம்பெனியோடது, மேனேஜரைப் பார்த்துப் பேசிட்டேன், ஆட்சேபம் இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்காரு, காப்பி இதோட இருக்கு. வாடகை ஒப்பந்தத்தை அவங்க தலைமை ஆபிஸோட நீங்க பேசிக்கணும், நகராண்மைக் கழக பெர்மிட்டுக்கு நான் கூட வந்து நிக்கிறேன், எத்தனை தடவை வேணும்னாலும் வர்றேன்.

டவர் வந்தா உடம்புக்கு ஆகாதுன்னு ரெண்டு மூணு பேர் பயப்படுறாங்க, மறைக்க மாட்டேன். வைகாசி கடைசியில கோவில் மண்டபத்துல கூட்டம் போட்டேன், 118 வீட்டுல இருந்து வந்தாங்க, டவர் அலைக்கு எம்சிஎம்சி அளவு கட்டுப்பாடு வெச்சிருக்கு, அதுக்கு மேல போக முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க, ஒரு பாட்டி மட்டும் "இன்ஜினியர் வந்து சொல்லட்டும், போடுறேன்"னுச்சு. அது நியாயம்தான். உங்க ஆளுங்க வரும்போது பத்து நிமிஷம் உக்காந்து விளக்கிடுங்க, டவர் போட்டதுக்கு அப்புறம் அளந்து அந்தக் கணக்கையும் மண்டபத்துல ஒட்டிடுங்க.

143 வீட்டுக்காக டவர் போட்டா கட்டுபடியாகாதுன்னு உங்க மேலிடம் சொல்லலாம். ஆபரேட்டருங்க வருமானத்துல 6 விழுக்காடு யூஎஸ்பி நிதிக்குப் போகுது, அந்த நிதியே லாபம் வராத இடத்துக்கும் சேவை போய்ச் சேரணும்னுதானே. உங்களால நேரா முடியலன்னா அதுக்கு எங்க தோட்டத்தைப் பரிந்துரை பண்ணுங்க. ஒரே டவர்ல ரெண்டு மூணு கம்பெனி ஏறினாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். எங்க ஜனங்க இப்பவே மாசா மாசம் டாப்-அப் போடுறாங்க சார், பாதி நாள் பயன்படுத்த முடியாத டேட்டாவுக்கு.

எனக்கு இப்ப வேண்டியது ரெண்டுதான். ஜூலை முடியறதுக்குள்ள உங்க ஆளுங்களை அனுப்பி இடத்தை அளந்துட்டுப் போங்க, முடியும் முடியாதுன்னு எழுத்துல பதில் கொடுங்க. டவர் நிக்க வருஷம் ஆகும்னா, அதுவரைக்கும் தற்காலிகமா ஏதாச்சும் சின்ன ஆன்டெனா, டிரெய்லர்ல வர்ற மாதிரி, பள்ளிக்கூடம் லயம் ரெண்டுக்கும் எட்டுற மாதிரி வெச்சுக் கொடுங்க. மழை மாசம் வர்றதுக்கு முன்னாடி, அப்பத்தான் பாம்பு லயத்துப் பக்கம் வரும்.

வர்ற அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு முன்ன வந்தா பெரட்டுக் களத்துலயே எல்லாரையும் பார்க்கலாம். வர்றதா இருந்தா முந்தின நாளே எனக்கு வாட்ஸ்அப்புல போட்டுடுங்க, தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு தொட்டி மேட்டுக்குப் போயி மெசேஜ் பாக்கிறேன், அப்பத்தான் உங்களுக்குப் பதில் வரும்.

இப்படிக்கு,
தோட்டப் பஞ்சாயத்துத் தலைவர்
(முன்னாள் மண்டோர்)

இணைப்பு: 118 வீட்டுக் கையெழுத்து, தோட்ட மேனேஜர் கடிதம், சிக்னல் படங்கள் 22, மலாய் காப்பி