காலாவதித் தேதி யார் பொறுப்பு? மருந்துக் கிடங்கு மென்பொருளின் நேரடி டெமோ உரை

அழைப்பில் இருப்பவர்கள்: மருந்து விநியோக நிறுவனத்தின் கிடங்கு மேலாளர் (சார்), கணக்குத் தலைமை (மேடம்), ஐடி பொறுப்பாளர் (சார்). மொத்தம் 14 நிமிடம். சாய்வுக்கோட்டுக்குள் இருப்பது திரையில் செய்ய வேண்டியது. மற்றதெல்லாம் வாயால் சொல்வது. திரை மாறி முடிந்த பிறகே அடுத்த வாக்கியம்.

0:00
/ திரைப் பகிர்வு ஓடுகிறது. டேஷ்போர்டு வேண்டாம். நேராக "சரக்கு வரவு" பக்கம். பக்கத்திலேயே கையடக்க ஸ்கேனரின் திரையும் தெரிய வேண்டும். /

வணக்கம். திரை எல்லோருக்கும் தெரிகிறதா? இடது பக்கம் இருப்பது ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிவது. வலது பக்கம் இருக்கும் சின்னத் திரை, என் கையில் இருக்கும் ஸ்கேனர். உங்கள் ஆட்கள் ரேக் முன்னால் நின்று பார்க்கப் போவது அதைத்தான்.

போன வாரம் பேசும்போது சார் ஒன்று சொன்னீர்கள். காலாவதி நெருங்கிய பெட்டி பிடிபடுவதே வண்டியில் ஏற்றும் நேரத்தில்தான் என்றீர்கள். சில நேரம் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பிறகுதான் தெரிகிறது என்றும் சொன்னீர்கள். இன்றைக்கு முழுக்க அந்த ஒரு பெட்டியின் பின்னாலேயே போகலாம். இதில் இருக்கும் எல்லா மெனுவையும் திறந்து காட்டப் போவதில்லை.

1:00
/ பர்ச்சேஸ் ஆர்டரைத் திறக்கவும். 50 பெட்டி என்ற வரியில் கர்சர் நிற்கட்டும். /

இது நாம் போட்ட ஆர்டர், 50 பெட்டி. வண்டி வந்து சரக்கு இறங்கிவிட்டது. இப்போது இங்கே யாரும் எதையும் டைப் செய்யப் போவதில்லை. ஸ்கேனரைப் பாருங்கள்.

/ பெட்டியின் லேபிளை கேமராவில் காட்டி, ஒருமுறை ஸ்கேன். பீப் சத்தம் கேட்டதும் இரண்டு நொடி பேசாமல் இருக்கவும். /

1:30
/ ஸ்கேன் விவரப் பெட்டியை விரிக்கவும். கீழுள்ள வரி பெரிதாகத் தெரியட்டும். /

```
(01)09521234543213(17)280200(10)K140
```

பெட்டி மேல் இருக்கும் பார்கோடுக்குள் இவ்வளவும் இருக்கிறது. 01-க்குப் பிறகு வருவது பொருளின் 14 இலக்க எண். 17-க்குப் பிறகு காலாவதித் தேதி. 10-க்குப் பிறகு பேட்ச் எண். அடைப்புக்குறிகள் நாம் படிப்பதற்காகப் போட்டது, பார்கோடுக்குள் அவை இல்லை. இது ஜிஎஸ்1 என்ற உலகப் பொது பார்கோடு முறை. இந்த முறையில் உற்பத்தியாளர் அச்சடித்திருந்தால் புது லேபிள் ஒட்டவே வேண்டாம்.

நடுவில் உள்ள தேதியை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். 28, 02, 00. வருடம், மாதம், நாள். நாள் இருக்க வேண்டிய இடத்தில் 00 இருக்கிறது. இப்படி இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

/ "காலாவதி" கட்டத்தின் மேல் கர்சர். /

எந்தத் தேதியாக எடுத்திருக்கிறது பாருங்கள். 29-02-2028. 2028 லீப் வருடம் என்பதால் 29. எக்ஸெலில் கையால் அடிக்கும்போது ஒருவர் 01 போடுவார், இன்னொருவர் 28 போடுவார், மூன்றாமவர் காலியாக விட்டுவிடுவார். ஒரே பேட்ச் மூன்று தேதியில் கிடக்கும். அதற்குமேல் எந்த ரிப்போர்ட் எடுத்தாலும் நம்ப முடியாது. அதனால்தான் இவ்வளவு சின்ன இடத்தில் நிற்கிறேன்.

/ எண்ணிக்கை 48 என உள்ளிட்டு "வரவு வை" அழுத்தவும். /

எண்ணிப் பார்த்தால் 48 பெட்டிதான் இருக்கிறது. இரண்டு குறைவு என்று ஆர்டரிலேயே மஞ்சள் நிறத்தில் நின்றுவிட்டது. மேடம், சப்ளையர் பில் 50-க்கு வந்தால் உங்கள் மேசைக்கு வரும்போது இந்த வித்தியாசமும் கூடவே வரும்.

/ திரை மெதுவாக வந்தால்: "அழைப்பு வழியாகப் போவதால் ஓரிரு நொடி தாமதமாகத் தெரிகிறது, ஸ்கேனரில் வந்துவிட்டது." அதற்குமேல் விளக்கம் வேண்டாம். /

3:45
/ "ஆர்டர்கள்" பக்கம். மருத்துவமனை ஆர்டர், 20 பெட்டி. /

அடுத்து, வெளியே போகும் சரக்கு. இன்னொரு பொருளை எடுத்திருக்கிறேன். ரேக்கில் இரண்டு பேட்ச் இருக்கின்றன. K118-இல் 25 பெட்டி, காலாவதிக்கு இன்னும் நான்கு மாதம். K131-இல் 60 பெட்டி, பதினோரு மாதம்.

முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போக வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் இந்த ஆர்டர் ஒரு மருத்துவமனையினுடையது. குறைந்தது ஆறு மாதம் மீதி இருந்தால்தான் வாங்குவார்கள். அவர்களுடைய கணக்கில் அந்த நிபந்தனையை ஒருமுறை பதிந்து வைத்திருக்கிறோம்.

/ "பிக்கிங் பட்டியல் உருவாக்கு" அழுத்தவும். பட்டியல் வரும்வரை பேசாமல் இருக்கவும். /

K118-ஐத் தாண்டி, K131-இல் 20 பெட்டி எடுக்கச் சொல்கிறது. எதனால் தாண்டியது என்றும் கீழே ஒரு வரி இருக்கிறது. ரேக் முன்னால் நிற்பவருக்கு எந்த மருத்துவமனைக்கு எத்தனை மாதம் என்று நினைவிருக்க வேண்டியதில்லை.

/ 20 பெட்டியை ஸ்கேனரில் முடிக்கவும். அடுத்த ஆர்டர்: மருந்துக் கடை, 40 பெட்டி. பட்டியல் உருவாக்கவும். /

இந்தக் கடைக்கு அப்படி நிபந்தனை எதுவும் இல்லை. இப்போது K118 முன்னால் வந்துவிட்டது. அதில் 25, மீதி 15 K131-இலிருந்து. நான்கு மாதம் மட்டுமே மீதியுள்ள சரக்கு, அதை ஏற்கிற இடத்துக்குப் போகிறது.

5:45
/ வேண்டுமென்றே K131 லேபிளை முதலில் ஸ்கேன் செய்யவும். ஸ்கேனர் திரை சிவப்பாகும். கேமரா அருகே காட்டவும். /

இப்போது தவறான பெட்டியை எடுக்கிறேன். அவசர நேரத்தில் எது கைக்கு எட்டுகிறதோ அதைத்தான் எடுப்போம். சிவப்பு வந்துவிட்டது, ஸ்கேனரும் அதிர்கிறது. "K118 முதலில், ரேக் மூன்று, கீழ்த் தட்டு" என்று இடத்தையும் சொல்கிறது.

சில சமயம் அந்தப் பெட்டி நசுங்கியிருக்கலாம், அடியில் மாட்டியிருக்கலாம். அப்போது இங்கே காரணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேறு பேட்ச் எடுக்கலாம். முழுக்கத் தடுக்கும் வசதியும் உண்டு, ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழுக்கத் தடுத்தால் ஆட்கள் ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். காரணம் கேட்டால், எந்த ரேக்கில் அடிக்கடி சிக்கல் வருகிறது என்று சாருக்கே தெரிந்துவிடும்.

/ K118 ஸ்கேன், 25. பச்சை. /

7:00
/ ஸ்கேனரில் விமானப் பயன்முறையை இயக்கவும். மேலே "இணைப்பு இல்லை" என்று வர வேண்டும். /

குளிர் அறைக்குள் சிக்னல் கிடைக்காது என்று ஐடி சார் கேட்டிருந்தீர்கள். வாயால் சொல்வதைவிடச் செய்தே காட்டுகிறேன். இணைப்பைத் துண்டித்துவிட்டேன். மீதி 15 பெட்டியை இப்படியே எடுக்கிறேன்.

/ K131 ஸ்கேன், 15. பிறகு இடது பக்கத் திரையில் இருப்பு இன்னும் மாறவில்லை என்று காட்டவும். /

ஸ்கேனர் ஏற்றுக்கொண்டது. ஆபீஸ் திரையில் இன்னும் மாறவில்லை, K131 நாற்பதிலேயே நிற்கிறது. வெளியே வருகிறேன்.

/ இணைப்பைத் திரும்ப இயக்கவும். எண் மாறும்வரை காத்திருக்கவும். /

25 ஆகிவிட்டது. இடையில் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இணைப்பில்லாத அந்த நேரத்தில் வேறொருவர் அதே பெட்டிகளை இன்னொரு ஆர்டருக்கு எடுத்துவிட்டால், இணைப்பு வந்ததும் இரண்டும் மோதும். அப்போது மென்பொருள் தானாக முடிவெடுக்காது. இரண்டு பதிவையும் மேற்பார்வையாளர் முன்னால் வைக்கும், அவர்தான் தீர்க்க வேண்டும்.

8:45
/ "பேட்ச் தேடல்". K131 என்று டைப் செய்யவும். என்டர் அழுத்துவதற்கு முன் நிறுத்தவும். /

இந்தப் பக்கத்தைத் திறக்கும் நாள் வரக்கூடாது என்றுதான் எல்லோரும் நினைப்போம். உற்பத்தியாளரிடமிருந்து கடிதம் வருகிறது: இந்த பேட்ச்சைத் திரும்பப் பெறுகிறோம், யாருக்கெல்லாம் போனது? இப்போது உங்களிடம் இதற்குப் பழைய பில்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அந்த நேரமெல்லாம் மருந்து யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த மென்பொருளை வாங்க இந்த ஒரு பக்கமே போதுமான காரணம்.

/ என்டர். /

60 பெட்டி வந்தது. மருத்துவமனைக்கு 20. கடைக்கு 15. ரேக்கில் 25. கூட்டிப் பாருங்கள், 60. வந்த 60-ஐத் தவிர, இந்த எண்களை நான் முன்கூட்டி ஏற்றி வைக்கவில்லை. வெளியே போனதெல்லாம் இப்போது உங்கள் கண் முன்னால் ஸ்கேன் செய்தவை.

/ "விற்பனையை நிறுத்து" அழுத்தவும். ரேக் படத்தில் 25 பெட்டியும் சாம்பல் நிறமாகும். /

ரேக்கில் இருப்பது பூட்டப்பட்டுவிட்டது. இனி எந்தப் பிக்கிங் பட்டியலிலும் வராது. போன இரண்டு இடத்துக்கும் அனுப்ப வேண்டிய கடிதமும் இன்வாய்ஸ் எண்ணோடு தயாராக இருக்கிறது. அனுப்பும் பொத்தானை அழுத்துவது மனிதர்தான்.

10:30
/ "காலாவதி நெருங்குபவை" ரிப்போர்ட். சப்ளையர் வாரியாக மாற்றவும். /

மேடம், இது உங்களுக்கு. காலாவதி நெருங்கும் சரக்கு, சப்ளையர் வாரியாக. கடைசிப் பத்தி, சப்ளையர் திருப்பி எடுக்கும் கெடு முடிய எத்தனை நாள் என்பது. அந்தக் கெடுவுக்கு முன்னால் அனுப்பினால் கிரெடிட் நோட், தாண்டினால் நஷ்டக் கணக்கு. இந்த ரிப்போர்ட் வாரா வாரம் தானாக உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்.

11:30
/ மேலும் எதையும் திறக்க வேண்டாம். ரிப்போர்ட் அப்படியே இருக்கட்டும். நேராக கேமராவைப் பார்த்து. /

இதில் கஷ்டமான பகுதி எதுவென்று இப்போதே சொல்லிவிட வேண்டும். உங்கள் எக்ஸெலில் இருப்பு இருக்கிறது, பேட்ச் வாரியாக இல்லை. அதனால் தொடக்க இருப்பை ஒருமுறை ரேக் ரேக்காக நின்று ஸ்கேன் செய்துதான் ஏற்ற வேண்டும். குறுக்கு வழி கிடையாது. மூன்று குடோனையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். சின்ன குடோனில் தொடங்கி, அங்கே கணக்கு ஒத்துப்போன பிறகு அடுத்தது.

இன்னொன்று. எல்லா சப்ளையரும் லேபிளைச் சரியாக அச்சடிப்பதில்லை. பேட்ச் எண்ணின் நீளம் பெட்டிக்குப் பெட்டி மாறும். அதை நடுவில் போட்டுவிட்டு, அது எங்கே முடிகிறது என்ற பிரிப்புக் குறியை விட்டுவிட்டால், பின்னால் வரும் எண்களும் பேட்ச் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஐடி சார், இந்த இடத்தில் உங்கள் உதவி தேவைப்படும்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒரு நாளில் வந்த சரக்கின் லேபிள்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், எல்லா சப்ளையரும் அதில் இருக்கட்டும். எது நேராகப் படிக்கிறது, எதற்கு நாம் லேபிள் ஒட்ட வேண்டும் என்று பெயர் பெயராகப் பிரித்து, அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறேன். விலைப் பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும். ஒட்ட வேண்டிய லேபிள் எத்தனை என்று தெரியாமல் நான் சொல்லும் தொகை சரியாக இருக்காது.

சார், முதலில் நீங்கள் சொல்லுங்கள். இதில் எந்த இடம் உங்கள் குடோனில் நடக்காது என்று தோன்றுகிறது? அந்தத் திரைக்கே திரும்பப் போய்ப் பார்க்கலாம்.

/ ஸ்கேனரைக் கையிலேயே வைத்திருக்கவும். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிட வேண்டாம். /