சுற்றறிக்கை: வேலை நேர மாற்றம்

சுற்றறிக்கை எண்: 7/2026
நாள்: 01.06.2026
அனுப்புநர்: நிர்வாக மேலாளர், கடல் உணவு பதப்படுத்தும் பிரிவு, மண்டபம்
பெறுநர்: அனைத்துப் பணியாளர்கள்
பொருள்: 15.06.2026 முதல் வேலை நேர மாற்றம் தொடர்பாக

வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியுடன் முடிகிறது. மறுநாள் திங்கட்கிழமை முதல் நமது பிரிவின் வேலை நேரம் மாற்றி அமைக்கப்படுகிறது.

நம் பகுதி விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குச் சென்று, மறுநாள் விடியற்காலையில் கரை திரும்புவது நீங்கள் அறிந்ததே. நாமோ வாரம் முழுவதும் காலை 9.00 மணிக்குத்தான் வேலையைத் தொடங்கி வருகிறோம். கடந்த பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறரை மணிக்கே வந்துசேர்ந்த கணவாய்ப் பெட்டிகளை ஒன்பதே கால் மணிக்குத் திறந்தபோது நானும் உடனிருந்தேன். மேலே போட்ட ஐஸ் கரைந்து பெட்டியின் அடியில் தண்ணீராய் நின்றது. வெள்ளையாக இருக்க வேண்டிய கணவாய் இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கியிருந்தது. பக்கத்துப் பெட்டியில் இறால் தலை கறுத்திருந்தது. அந்தச் சரக்கைத் தரம் குறைத்தே அனுப்ப நேர்ந்தது. அன்று வேலை முடிய இரவு எட்டு மணியானது. உச்சிப்புளிக்குச் செல்ல வேண்டிய சகோதரிகள் சாலையோரம் பேருந்துக்காகக் காத்து நின்றதையும் பார்த்தேன். இரண்டுமே தவிர்த்திருக்கக் கூடியவை.

எனவே படகு திரும்பும் செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகிய நாட்களில் வேலை நேரம் காலை 6.00 மணி முதல் பிற்பகல் 2.30 மணி வரை. காலை 9.00 முதல் 9.30 வரை உணவு இடைவேளை. அன்றைய காலை உணவு கேன்டீனில் இலவசம். நண்பகல் 12.00 மணிக்கு 15 நிமிடத் தேநீர் இடைவேளை உண்டு. அது வேலை நேரத்திலேயே சேரும்.

திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் காலை 8.30 முதல் மாலை 5.00 வரை, உணவு இடைவேளை பகல் 1.00 முதல் 1.30 வரை. வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ தொழுகையைக் கருதி இடைவேளை 12.30 முதல் 1.30 வரை, அன்று வேலை 5.30 மணிக்கு முடியும். எந்த நாளானாலும் வேலை எட்டு மணி நேரம்தான். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதில் மாற்றமில்லை. அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரு மடங்கு ஊதியம் வழங்கப்படும்.

ஞாயிறு சரக்கு வருவதால் வார விடுமுறையை இரு அணிகளாகப் பிரித்திருக்கிறோம். ஓர் அணிக்கு ஞாயிறு, மற்ற அணிக்குத் திங்கள். ஞாயிறு திருப்பலிக்குச் செல்வோர் கேட்டால், முதல் அணியில் அவர்களுக்கே முன்னுரிமை. இதில் யாரும் தயங்க வேண்டாம்.

காலை ஆறு மணி வேலைக்கு வந்துசேர்வது உங்கள் பொறுப்பு மட்டுமல்ல, எங்கள் பொறுப்பும்கூட. அந்த மூன்று நாட்களிலும் உச்சிப்புளி பேருந்து நிறுத்தத்திலிருந்து 5.15 மணிக்கும், தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் வழியாக 5.20 மணிக்கும் நிறுவன வேன் புறப்படும். வேலை முடிந்ததும் அதே வேன்கள் திரும்பும். கட்டணம் இல்லை. வேன் தாமதமானால் அந்த நேரம் யாருடைய ஊதியத்திலும் கழிக்கப்படாது.

கர்ப்பிணிகளும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்மார்களும் விரும்பினால் படகு நாட்களிலும் காலை 8.30 மணிக்கே வேலையைத் தொடங்கலாம். இதனால் ஊதியமோ வருகை ஊக்கத்தொகையோ குறையாது. விடியற்காலையில் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவரை ஆறு மணிக்கு வரச்சொல்வது நியாயமல்ல என்பதே நிர்வாகத்தின் கருத்து.

புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் போன்ற காரணங்களால் படகுகள் கடலுக்குச் செல்லாவிட்டால், முந்தைய நாள் மாலை 6.00 மணிக்குள் பிரிவு மேற்பார்வையாளர் உங்களுக்குத் தொலைபேசியில் தெரிவிப்பார். மறுநாள் வழக்கமான 8.30 மணிக்கு வந்தால் போதும். அப்படி வரும் நாளுக்கும் முழு ஊதியம் உண்டு.

இந்த மாற்றம் இறக்குதல், உரித்தல், தரம்பிரித்தல், பேக்கிங் பிரிவுகளுக்கு மட்டுமே. அலுவலகம், ஐஸ் பிரிவு, குளிர்பதன அறை, காவல் பணி ஆகியவற்றுக்குப் பழைய நேரமே நீடிக்கும்.

அணி விருப்பத்தையும், 8.30 மணிச் சலுகை தேவைப்படுவோர் தங்கள் கோரிக்கையையும் ஜூன் 10-ஆம் தேதிக்குள் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவும். எழுத இயலாதவர்கள் வாய்மொழியாகச் சொன்னாலே போதும், அவரே பதிந்துகொள்வார். ஜூன் 8, திங்கட்கிழமை மாலை 4.00 மணிக்கு உரித்தல் கூடத்தில் இந்தச் சுற்றறிக்கை வாசித்து விளக்கப்படும். உங்கள் ஆட்சேபங்களையும் அங்கேயே கேட்டுக்கொள்வேன். அணிப் பட்டியல் ஜூன் 12 அன்று வருகைப்பதிவு மேசை அருகே ஒட்டப்படும்.

(ஒப்பம்)
நிர்வாக மேலாளர்

நகல்: அனைத்துப் பிரிவு மேற்பார்வையாளர்கள், கணக்குப் பிரிவு, வேன் ஓட்டுநர்கள், அறிவிப்புப் பலகை