நீ அனுப்பிய வட்டப் படமும் அந்த x-உம்

மக்களே, சாயந்திரம் நீ அனுப்பின போட்டோவைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே ‘find x’ என்று மட்டும் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து, ‘மாமா, 90 தானே? AB விட்டம், அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம்’ என்றும் எழுதியிருந்தாய். தேற்றம் சரி, ஆனால் அதை இங்கே வைத்த இடம் தப்பு. AB விட்டம் என்று உனக்கு யார் சொன்னது?

நான் போட்டோவைப் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மேலே கேள்வியின் வரி பாதி வெட்டுப்பட்டுவிட்டது, ஆனாலும் ‘A, B, C, D ஆகியவை ஒரு வட்டத்தின் மீதுள்ள புள்ளிகள்’ என்பது வாசிக்க முடிகிறது. D-யில் DA-வுக்கும் DC-க்கும் நடுவில் ஒரு வில், அதில் 118°. A-யில் ஒரு சின்ன வில், 32°. அந்த வில் AB-யில் தொடங்கி AC-யில் நின்றுவிடுகிறது, AD வரைக்கும் போகவில்லை. அதனால் 32 என்பது ∠CAB மட்டும்தான், முழு ∠DAB இல்லை. வில் எந்தக் கோட்டில் தொடங்கி எந்தக் கோட்டில் முடிகிறது என்பதை ஒவ்வொரு தடவையும் பார். அப்புறம் C-யில் CA-வுக்கும் CB-க்கும் நடுவில் x. அவ்வளவுதான். இதைத் தவிர அந்தப் படத்தில் யாரும் எதையும் குறிக்கவில்லை. O என்ற எழுத்து இல்லை. C-யில் செங்கோணத்துக்குப் போடும் சின்னச் சதுரமும் இல்லை. AB-க்கு மேலே தெரிகிற கறுப்புப் பொட்டு வட்டத்தின் மையமா, ஜெராக்ஸில் விழுந்த அழுக்கா என்று என்னால் சொல்ல முடியாது, உன்னாலும் முடியாது. பெயர் எழுதாத பொட்டை நம்பி ஒரு வரிகூட எழுதக் கூடாது.

சரி, குறித்திருப்பதை மட்டும் வைத்துப் போடுவோம். நாலு புள்ளியும் வட்டத்தின் மேல் இருப்பதால் ABCD ஒரு வட்ட நாற்கரம், எதிர்க்கோணங்களின் கூடுதல் 180°.

∠ABC = 180° − 118° = 62°

அடுத்து முக்கோணம் ABC:

x = 180° − 32° − 62° = 86°

இரண்டே வரி. நீ சொன்ன 90-க்கும் இதற்கும் 4° தான் வித்தியாசம், அதனால்தான் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அந்த 4° எவ்வளவு சின்னது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டத்தின் ஆரம் 3 செ.மீ. என்று வைத்துக்கொள். விட்டம் 6 செ.மீ. ஆகிறது, இந்த AB நாண் 5.985 செ.மீ. வருகிறது. அந்த வித்தியாசம் உன் பென்சில் கோட்டின் தடிமனைவிடக் குறைவு. நாண் மையத்தை விட்டு விலகுவதும் 2 மி.மீ. தான். இதை எந்தக் கண்ணாலும் பார்த்துச் சொல்ல முடியாது மக்களே, உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

நீ கேட்கலாம், வெட்டுப்பட்ட வரியில் ‘AB விட்டம்’ என்று இருந்திருந்தால் என்ன செய்வது? இருக்கவே முடியாது. AB விட்டம் என்றால் x = 90, அப்படியானால் ∠ABC = 58, அப்போது D-யில் 122 வர வேண்டும். அங்கே 118 என்று அச்சடித்திருக்கிறது. ஆக நீ ஊகித்தது படத்திலேயே எழுதியிருக்கும் ஒன்றோடு மோதுகிறது. விடை வந்த பிறகு, பயன்படுத்தாமல் விட்ட எண்ணோடு அதை மோதவிட்டுப் பார்க்கிற பழக்கம் வேண்டும். நீ 118-ஐத் தொடவே இல்லை, அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, நோட்டின் ஓரத்தில் பென்சிலால் AB ∥ DC என்று எழுதியிருக்கிறாய். இது வேறு மாதிரி ஊகம், இதைப் பிடிப்பது முந்தினதைவிடக் கஷ்டம், ஏனென்றால் இது எதோடும் மோதாது. அவை இணை என்றால் ∠ACD = 32, ∠DAC = 30, D-யில் 118, கூட்டினால் 180, எல்லாம் பொருந்தும். ஆனால் பொருந்துவதால் மட்டும் அது நிஜமாகிவிடாது. D புள்ளியை A-க்கும் C-க்கும் நடுவிலுள்ள அந்த வட்ட வில்லின் மேலேயே கொஞ்சம் நகர்த்திப் பார். 118 மாறாது, 32 மாறாது, x-உம் மாறாது, DC மட்டும் சாய்ந்துகொண்டே போகும். ஆகவே ∠DAC எவ்வளவு என்று யாராவது கேட்டால் இந்தப் படத்தை வைத்து விடை சொல்ல முடியாது. ∠DAC, ∠ACD இரண்டின் கூடுதல் 62 என்பது மட்டும் நிச்சயம். கோட்டின் மேல் அம்புக்குறி இருந்தால் இணை, இல்லாவிட்டால் இணை என்று எடுக்காதே.

போட்டோ பற்றியும் சொல்ல வேண்டும். கட்டிலில் சாய்ந்து படுத்துக்கொண்டு எடுத்தாயோ என்னவோ, வட்டம் முட்டை மாதிரி நீண்டிருக்கிறது. போன தடவை மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நீ எடுத்த படம் ஞாபகம் இருக்கிறதா, தொட்டியின் இரண்டு பக்கச் சுவரும் தூரத்தில் போய் ஒன்றாகச் சேருகிற மாதிரி? நேரில் அவை எங்கேயும் சேரவில்லை. சரிவாக எடுத்தால் கேமரா நீளத்தை மாற்றும், கோணத்தை மாற்றும், இணையையும் கெடுத்துவிடும். நேர்கோடு மட்டும் நேர்கோடாகவே வரும், ஒரு கோட்டின் மேல் இருக்கிற புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே இருக்கும். அதுவும் தாள் தட்டையாக இருந்தால்தான், புத்தகத்தின் நடுமடிப்புப் பக்கம் கோடே வளைந்துவிடும்.

பரீட்சைப் படத்தில் நாம் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறவையும் ஏறக்குறைய அவைதான்: எந்தப் புள்ளி எந்தக் கோட்டில், எது எதற்கு நடுவில், எந்தக் கோடு எதை வெட்டுகிறது. சமம், செங்குத்து, இணை, நடுப்புள்ளி, மையம், இது எல்லாம் எழுதியிருக்க வேண்டும், அல்லது குறி போட்டிருக்க வேண்டும், அல்லது நீ நிறுவ வேண்டும். அதே பாலத்தின் மேல் நின்றால் தொட்டி மட்டமாகத்தான் தெரியும். நிஜமாகவே மட்டமாக இருந்திருந்தால் தண்ணீர் அக்கரைக்கு ஓடியிருக்காது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டம் வைத்துத்தான் கட்டியிருப்பார்கள். உன் அப்பாவையே கேள், கதவு நிலை வைக்கும்போது மூலைமட்டம் வைக்காமல் செங்கோணம் என்று சொல்வாரா என்று.

இப்போது ஒன்று செய். படத்தை நோட்டில் கையாலேயே, வேண்டுமென்றே கோணலாக வரை, AB-யை மையத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போடு. குறித்த மூன்று விஷயத்தை மட்டும் நீல மையில் எழுது. நீ கண்டுபிடிக்கிறதை எல்லாம் பென்சிலில் எழுது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம். காரணம் எழுத வராத வரியை அடித்துவிடு.

அடுத்த கணக்கிலும் இதே மாதிரி ஒரு வட்டம் இருக்கிறது என்றாயே, அதை அனுப்பும்போது தாளை மேசையில் வைத்து நேர் மேலிருந்து எடு, கேள்வியின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வரட்டும். ராத்திரி ஒன்பது மணிக்குள் அனுப்பினால் இன்றைக்கே பார்த்துவிடுவேன்.